எட்டுக் கட்டத்தில் ஒரு நடை

எங்கள் தெருவுக்குப் பல வருடம் கடிதம் கொண்டுவந்த தபால்காரரை, அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் திண்ணையில் உட்காரவைத்து வரைந்தேன். ஆளை அப்படியே உரித்துவைத்த படம் அல்ல. மூக்கைப் பெரிதாக்கி, தாடையைச் சிறிதாக்கி, நரைத்த மீசையைச் சைக்கிள் ஹேண்டில்பார் போல இரண்டு பக்கமும் வளைத்துவிட்ட படம். காக்கித் தொப்பி புருவம் வரை இறங்கியிருக்கும். இடது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்காகப் பையின் பட்டை ஓடும். படம் மார்போடு முடிந்துவிடும். அதற்குக் கீழே தாள் வெறுமையாக இருந்தது.

போன கோடை விடுமுறையில் அக்கா மகன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இவரை வெச்சு ஒரு கேம் பண்றேன். தெருவுல நடந்துபோய் வீடு வீடா லெட்டர் போடணும். படத்தைச் சின்னதாக்கி, கீழ ரெண்டு கால் ஒட்டிக் குடுத்தாப் போதும்."

ஓவியம் என் தொழில். சில வருடம் அனிமேஷன் ஸ்டூடியோவிலும் இருந்தேன். அதனால் அது போதாது என்று உடனே சொல்லிவிட முடிந்தது. ஏன் போதாது என்று காட்டத்தான் மூன்று சனிக்கிழமைகள் ஆயின.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எளிய கணினி விளையாட்டுகளில் ஓர் ஆள் நடப்பது போலத் தெரிவது, சில அசையாப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக் காட்டுவதால்தான். அந்தப் படங்களை எல்லாம் ஒரே அளவுக் கட்டங்களில் வரிசையாக அடுக்கி, ஒரே கோப்பாக வைப்பார்கள். இதற்குப் பெயர் ஸ்பிரைட் ஷீட். விளையாட்டு அந்தத் தாளிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துத் திரையில் வைக்கும். அடுத்த நொடித்துளியில் அடுத்த கட்டம். கடைசிக் கட்டம் முடிந்ததும் மறுபடி முதல் கட்டம். இப்படி முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்ளும் நடைக்கு வாக் சைக்கிள் என்று பெயர். நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு சுற்றுக்கு எட்டுக் கட்டம், ஒவ்வொரு கட்டமும் 32 பிக்சல் அகலம், 48 பிக்சல் உயரம்.

பையன் சொன்ன வழியை முதலில் செய்தே பார்த்தோம். நான் வரைந்த தலை ஸ்கேனில் ஏறக்குறைய 1,400 பிக்சல் உயரம். விளையாட்டில் தலைக்குக் கிடைப்பது 14 பிக்சல். அதாவது மூலத்தில் உள்ள பத்தாயிரம் புள்ளிகளைக் கலந்து கணினி ஒரே புள்ளியாக்குகிறது. மீசையின் வெள்ளை, உதட்டின் நிழல், கன்னத்தின் பழுப்பு மூன்றும் சேர்ந்து சேறு மாதிரி ஒரு நிறம் வந்தது. கண் காணாமல் போயிற்று. சுருக்குகிற மென்பொருளுக்கு மீசை முக்கியம், கன்னத்துச் சுருக்கம் முக்கியமில்லை என்று தெரியாது. அதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

எனவே சுருக்கவில்லை, புதிதாக வரைந்தோம். இவர் இவர்தான் என்று சொல்கிற அடையாளங்கள் எவை என்று பையனையே கேட்டேன். படத்தை ஐந்து நொடி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டு சொல்லச் சொன்னேன். "மீசை, தொப்பி, பை" என்றான். அதற்கு மேல் வேண்டியதில்லை. பதினான்கு பிக்சலில் மூன்று அடையாளம் நிற்கும், ஐந்து நிற்காது. மூக்கு மட்டும் பக்கவாட்டில் இரண்டு பிக்சல் துருத்திக்கொண்டு நின்றது. கண்ணுக்கு ஒரே ஒரு கரும்புள்ளி.

இந்த இடத்தில் மாரியோவை நினைத்துக்கொள்வது பொருத்தம். 1981இல் வந்த டாங்கி காங் விளையாட்டில் அந்த உருவத்தை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ, தொப்பியையும் மீசையையும் அழகுக்காக வைக்கவில்லை. அத்தனை சிறிய இடத்தில் முடியைச் சரியாக வரைய முடியாது, அதனால் தொப்பி. மூக்கு எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும், அதனால் மீசை. உடம்பில் ஒரு நிறமும் கையில் வேறு நிறமும் இருந்தால்தான் கை வீசுவது தெரியும், அதனால் தோள்பட்டை வைத்த முழுக்கால் உடுப்பு. கடைசிக் காரணம் நடைக்காகவே செய்த ஏற்பாடு. எங்கள் தபால்காரர் தலைமுதல் கால்வரை காக்கி. கை வீசினால் உடம்போடு கலந்துவிடும். இதை எப்படிச் சமாளித்தோம் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது, படத்தில் இல்லாத உடம்பு. உண்மையில் மனிதத் தலை உயரத்தைப் போல ஏழு, ஏழரை மடங்கு ஆள் இருப்பார். அந்தக் கணக்கில் 42 பிக்சல் ஆளுக்குத் தலை ஆறு பிக்சல்தான். மீசைக்கு இடமே இல்லை. நான் வரைந்த படம் ஏற்கெனவே மிகைப்படுத்தியது என்பதால் உடம்பையும் அதே போக்கில் கொண்டுபோகலாம். தலை 14, உடம்பு 14, கால் 14 என்று மூன்று சமபங்காகப் பிரித்தேன். இந்த அளவைத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் கால் ஒரு பிக்சல் நீண்டு குறைந்தால் ஆள் ரப்பர் போலத் தெரிவார்.

இன்னொரு சிக்கல், கோணம். என் படத்தில் அவர் முக்கால் பக்கமாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறார். விளையாட்டில் வலது பக்கம் நோக்கிப் பக்கவாட்டில் நடக்க வேண்டும். முகத்தை அப்படியே வைத்து உடம்பை மட்டும் பக்கவாட்டில் திருப்பினால் கழுத்து முறிந்தது போலிருக்கும். தலையையும் பக்கவாட்டில் திருப்பினோம். மீசையின் ஒரு முனைதான் இப்போது தெரியும். அந்த முனையைக் கன்னத்தை விட்டு ஒரு பிக்சல் வெளியே நீட்டிவிட்டேன். உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பார்த்தபோதும் தொப்பியின் முனை, மூக்கு, மீசை, பை நான்கும் நிழலுருவில் தெரிந்தன. இந்தக் கறுப்புச் சோதனையில் ஆள் அடையாளம் தெரியாவிட்டால் வண்ணம் பூசிப் பயனில்லை.

வண்ணம் எட்டே எட்டு. தோலுக்கு இரண்டு, காக்கிக்கு இரண்டு, பைக்கு இரண்டு, மீசைக்கு ஒரு சாம்பல், ஓரத்துக்கும் கண்ணுக்கும் ஒரு கரும்பழுப்பு. காக்கிக்கு ஏன் இரண்டு என்பதில்தான் முன்பு சொன்ன சிக்கலுக்கு விடை இருக்கிறது. நமக்கு அருகில் இருக்கும் கையும் காலும் வெளிர் காக்கி. உடம்புக்கு அப்பால் இருக்கும் கையும் காலும் அடர் காக்கி. அருகிலுள்ள கைக்கும் உடம்புக்கும் இடையில் மட்டும் கரும்பழுப்பில் ஒரு கோடு. இதைச் செய்யாவிட்டால் எந்தக் கால் முன்னே வந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. எட்டுக் கட்டம் வரைந்திருந்தாலும், அதே நான்கு கட்டம் இரண்டு முறை ஓடுவது போலவும் ஆள் ஒரே காலால் தத்துவது போலவும் தோன்றும்.

இனி நடைக்கு வருவோம்.

ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான மதில்சுவருக்குப் பின்னால் ஒருவர் நடந்துபோவதைக் கவனித்திருக்கிறீர்களா? கால் தெரியாது, தலை மட்டும் தெரியும். அது நேர்கோட்டில் போகாது. சின்ன அலை போல ஏறி இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு முறை ஏறும், ஒரு முறை இறங்கும். இதைப் படம் பிடித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே கணத்தில் தரையை விட்டு எழும்புவதை 1878இல் கலிபோர்னியாவில் வரிசையாகக் காமிராக்களை வைத்துப் பதிவு செய்தவர். பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனிதர்களையும் அப்படியே நடக்கவிட்டு எடுத்தார். பின்னணியில் கட்டம் போட்ட சுவர் இருக்கும். தலை எந்தக் கோட்டில் இருந்து எந்தக் கோட்டுக்கு இறங்கியது என்று எண்ணிவிடலாம். 1887இல் அவை 781 தகடுகளாக வெளிவந்தன. நடை வரையக் கற்கிறவர்கள் இன்றும் அவற்றைப் பார்த்துத்தான் கற்கிறார்கள்.

ஓர் அடியை நான்கு நிலைகளாக அனிமேட்டர்கள் பிரிக்கிறார்கள். முதலாவது காண்டாக்ட்: முன்கால் குதிகால் தரையைத் தொடுகிறது, பின்கால் விரல்நுனியில் நிற்கிறது, இரண்டு கால்களும் அகல விரிந்திருக்கின்றன. இரண்டாவது டவுன்: முழு எடையும் முன்காலில் இறங்குகிறது, முழங்கால் மடங்குகிறது, உடம்பு இருப்பதிலேயே தாழ்வாக இருக்கிறது. மூன்றாவது பாஸிங்: ஊன்றிய கால் உடம்புக்கு நேர் கீழே, மற்றொரு கால் மடங்கியபடி அதைக் கடந்து வருகிறது. நான்காவது அப்: ஊன்றிய கால் உடம்பை மேலே தள்ளுகிறது, உடம்பு இருப்பதிலேயே உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மறு கால் காண்டாக்டில் விழுகிறது. நான்கு நிலை ஓர் அடி. இரண்டு அடி ஒரு சுற்று. எனவே எட்டுக் கட்டம்.

வரைகிற வரிசை, ஓடுகிற வரிசை அல்ல. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரைந்துகொண்டு போனால் எட்டாவது கட்டத்துக்கு வரும்போது ஆள் முதல் கட்டத்தோடு ஒட்டமாட்டார். முதலில் இரண்டு காண்டாக்டுகளை வரைய வேண்டும், அதாவது 1ஆம், 5ஆம் கட்டங்கள். பிறகு அவற்றுக்கு நடுவில் விழுகிற பாஸிங், 3ஆம், 7ஆம் கட்டங்கள். மிச்சம் நான்கையும் கடைசியில் நிரப்பலாம். பையன் பயன்படுத்தியது பிஸ்கெல் என்ற இலவச மென்பொருள், பிரவுசரிலேயே ஓடும். அதில் முந்தைய கட்டத்தை மங்கலாகக் கீழே காட்டும் வசதி இருக்கிறது. அனிமேட்டர்கள் இதை ஆனியன் ஸ்கின் என்பார்கள். வெங்காயச் சருகு போல அடியில் இருப்பது மேலே தெரிவதால் வந்த பெயர். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

ஏற்ற இறக்கத்துக்கு இவ்வளவு சிறிய உருவத்தில் இரண்டு பிக்சல் இடைவெளி போதும். காண்டாக்டில் தலையும் உடம்பும் இருக்கும் உயரத்தை நடுமட்டம் என்று வைத்துக்கொண்டால், டவுனில் ஒரு பிக்சல் கீழே, பாஸிங்கில் மறுபடி நடுமட்டம், அப்பில் ஒரு பிக்சல் மேலே. இதற்காகவே கட்டத்தின் மேல்புறம் நான்கு வரிசையைக் காலியாக விட்டிருந்தோம். இந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் கால்களை மட்டும் மாற்றிப் பார்த்தால், சக்கரப் பலகையில் ஏற்றி இழுத்த பொம்மை போல ஆள் நகர்வார். கால் அசையும், ஆனால் எடை இருக்காது.

தலையை எட்டு முறை வரையக் கூடாது. முதல் கட்டத்தில் வரைந்த தலையையே நகலெடுத்து மற்ற ஏழிலும் ஒட்ட வேண்டும். மேலும் கீழும் நகர்த்துவதோடு சரி. பையன் மூன்றாவது கட்டத்தில் தலையைத் தனியாக வரைந்திருந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓடவிட்டபோது முகம் படபடவென்று துடித்தது. ஒரு பிக்சல் இடம் மாறிய கண் செய்த வேலை அது.

கைகளுக்கு ஒரே விதிதான்: வலது கால் முன்னே போனால் இடது கை முன்னே. இதை மாற்றி வரைந்தால் காரணம் தெரியாமலே பார்ப்பவருக்கு உறுத்தும். பைக்கு வேறு விதி. பை உடம்போடு சேர்ந்தது அல்ல, உடம்பில் தொங்குவது. அதனால் உடம்பு செய்வதை ஒரு கட்டம் தாமதமாகச் செய்யும். உடம்பு 2ஆம் கட்டத்தில் இறங்கினால் பை 3இல் இறங்கும். உடம்பு 4இல் ஏறினால் பை 5இல் ஏறும். ஒரு பிக்சல் தாமதம்தான். பைக்குள் கடிதக் கட்டு இருக்கிறது என்று நம்பவைத்துவிட்டது. மீசை முனைக்கும் அதையே செய்தோம்.

இந்த வேலையில் அதிக நேரம் எடுத்தது முகம் அல்ல, மீசை அல்ல, தரையில் ஊன்றிய பாதம். எளிய விளையாட்டுகளில் நடை கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான் என்பது என் எண்ணம்.

ஆள் நடக்கும்போது ஊன்றிய பாதம் தரையில் அப்படியே நிற்கிறது; உடம்புதான் அதைக் கடந்து முன்னே போகிறது. ஆனால் ஸ்பிரைட் ஷீட்டில் உடம்பு கட்டத்தின் நடுவிலேயே நிற்கிறது. அப்படியானால் கட்டத்துக்குள் பாதம்தான் பின்னோக்கிப் போக வேண்டும். எங்கள் கணக்கு இது: காண்டாக்டில் முன்பாதத்தின் நடுப்புள்ளி, இடுப்புக்கு நேர் கீழிருந்து 8 பிக்சல் முன்னே. டவுனில் 4 பிக்சல் முன்னே. பாஸிங்கில் நேர் கீழே. அப்பில் 4 பிக்சல் பின்னே. அடுத்த காண்டாக்டில் 8 பிக்சல் பின்னே. ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியாக நான்கு பிக்சல். இது 4, 3, 5 என்று ஏறுமாறாக இருந்தால் பாதம் தரையில் வழுக்கும். காற்றில் இருக்கும் பாதத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அது பின்னாலிருந்து மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகமாக வந்து, முன்னால் மெதுவாக இறங்கலாம்.

சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அருகிலுள்ள பாதத்தின் நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பிக்சல் வையுங்கள். கட்டம் கட்டமாகத் தள்ளிக்கொண்டே அதன் இடத்தைத் தாளில் எழுதுங்கள். எங்களுக்கு முதல் முயற்சியில் 8, 5, 0, பின்னே 3, பின்னே 8 என்று வந்தது. பையன் அதைப் பார்த்ததும் தானே திருத்திக்கொண்டான். எல்லாம் முடிந்ததும் சிவப்பை அழித்துவிடலாம்.

பாதம் ஷீட்டில் சரியாக இருந்தும் திரையில் வழுக்கியது. "மாமா, கால் ஐஸ் மேல போற மாதிரி இருக்கு" என்று கூப்பிட்டான். காரணம் ஓவியத்தில் இல்லை, கணக்கில். கட்டத்துக்கு நான்கு பிக்சல் என்றால், நொடிக்குப் பத்துக் கட்டம் மாறும்போது ஆள் நொடிக்கு 40 பிக்சல்தான் முன்னேற வேண்டும். அவன் நிரலில் 90 என்று போட்டிருந்தான். உடம்பு கால்களை விட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஓடுகிறது. 90ஐ அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கட்டங்கள் நொடிக்கு 22க்கு மேல் மாற வேண்டும். தபால்காரர் நாய் துரத்துவது போலப் போவார். 40 வைத்துப் பார்த்தோம், தெரு நகரவே இல்லை. கடைசியில் நொடிக்கு 48 பிக்சல், பன்னிரண்டு கட்டம் என்று நின்றோம். ஓர் அடிக்கு மூன்றில் ஒரு நொடி. சாதாரண மனித நடையைவிட நன்றாகவே சுறுசுறுப்பு. தபால் கட்டோடு வரும் ஆளுக்கு அது பொருந்தியது.

இந்தப் பொருத்தத்தைக் கையால் பார்த்துக்கொண்டிருக்காமல் நிரலிலேயே கட்டிவிடலாம். நேரத்தைப் பார்த்துக் கட்டத்தை மாற்றாமல், ஆள் நடந்த தூரத்தைப் பார்த்து மாற்ற வேண்டும். பிரவுசரில் ஓடும் அவன் விளையாட்டில் அந்தப் பகுதி இப்படி அமைந்தது:

```js
const frame = Math.floor(walked / 4) % 8;
const row = facingLeft ? 1 : 0;
ctx.imageSmoothingEnabled = false;
ctx.drawImage(sheet, frame * 32, row * 48, 32, 48,
              Math.round(x) * 3, y * 3, 96, 144);
```

இதில் `walked` என்பது இதுவரை நடந்த மொத்தத் தூரம். இடப்பக்கம் திரும்பி நடந்தாலும் அது கூடிக்கொண்டே போகும். அதை நான்கால் வகுத்து, எட்டில் சுற்றவிட்டால் எந்தக் கட்டம் என்பது கிடைத்துவிடும். வேகத்தை எப்படி மாற்றினாலும் காலும் தரையும் இனி பிரியாது. சுவரில் முட்டி நின்றால் காலும் தானாக நின்றுவிடும். ஒரு குறை இருக்கிறது: ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்வரை பாதம் அதிகபட்சம் நான்கு பிக்சல் நகர்ந்து, பிறகு தன் இடத்துக்குத் திரும்பும். நடை வேகத்தில் கண் அதைப் பொருட்படுத்துவதில்லை. மிக மெதுவாக நடக்கவிட்டால் தெரியும். அப்படி வேண்டுமென்றால் கட்டங்களை அதிகமாக்க வேண்டும்.

நிரலின் மூன்றாவது வரியும் முக்கியமானது. விளையாட்டுத் திரை 320க்கு 180. அதை மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறோம். பெரிதாக்கும்போது ஓரங்களை மழுப்பாதே என்று பிரவுசருக்கு அந்த வரி சொல்கிறது. இல்லையென்றால் பாடுபட்டு வைத்த ஒற்றைப் பிக்சல் கண் மங்கலாகிவிடும். மூன்று என்ற முழு எண்ணும் தற்செயலானதல்ல. இரண்டரை மடங்கு என்றால் சில பிக்சல்கள் இரண்டு புள்ளியாகவும் சில மூன்று புள்ளியாகவும் விரிந்து மீசை கோணலாகும்.

`row` என்று ஒன்று இருக்கிறதே, அதற்குக் காரணம் பை. வலப்பக்கம் நடக்கும் ஷீட்டைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பினால் இடப்பக்க நடை வந்துவிடும். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் அப்படித்தான் செய்தது. நடைக்கு மூன்றே படம், திரும்பினால் அதையே கவிழ்த்துக் காட்டும். அந்தக் காலத்து நினைவகத்தில் அதுவே சரியான வழி. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத உருவத்துக்கு அது ஒத்துவராது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் சகாட் என்ற குத்துச்சண்டைக்காரர் ஒற்றைக் கண்ணை மறைத்துப் பட்டை கட்டியிருப்பார்; அவர் திரும்பும்போது பட்டை மறு கண்ணுக்குப் போய்விடும்.

எங்கள் தபால்காரருக்குப் பட்டை இடது தோளில், பை வலது இடுப்பில். வலப்பக்கம் நடக்கும்போது அவருடைய வலது பக்கம் நமக்குத் தெரிகிறது, பையும் தெரிகிறது. கவிழ்த்தால் பை இடது இடுப்புக்குத் தாவிவிடும். விளையாட்டில் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று விட்டுவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. பல வருடம் ஒரே தோளில் சுமந்தவர் அவர். அந்தத் தோள் சற்று இறங்கியே இருக்கும். இரண்டாவது வரிசைக்குக் கவிழ்த்த படங்களை எடுத்துக்கொண்டு, பையை அழித்து, உடம்புக்கு அப்பாலிருந்து அதன் ஓரம் மட்டும் இரண்டு பிக்சல் எட்டிப்பார்க்கும்படி வைத்தோம். தோளில் பட்டை தெரிகிறது. ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. ஷீட் இப்போது எட்டுக்கு இரண்டு, 256 பிக்சல் அகலம், 96 உயரம்.

ஷீட்டாக அடுக்கும்போது மூன்று தவறுகள் நடந்தன. காலியிடம் எதற்கு என்று பையன் ஒவ்வொரு படத்தையும் ஓரம் வெட்டியிருந்தான். கால் விரிந்த படம் அகலமாகவும் கால் சேர்ந்த படம் ஒடுக்கமாகவும் ஆகி, ஓடவிட்டபோது உடம்பு முன்னும் பின்னும் உதறியது. காலியிடமும் படத்தின் பகுதிதான். எட்டுக் கட்டத்திலும் தரைக்கோடு மேலிருந்து 46ஆம் வரிசையிலும், இடுப்பு 16ஆம் நெடுவரிசையிலும் இருந்தாக வேண்டும். அடுத்து, சுற்று முடிய வேண்டுமே என்று முதல் கட்டத்தின் நகலை ஒன்பதாவதாகச் சேர்த்திருந்தான். அதனால் ஒரே படம் இரண்டு முறை வந்து, ஒவ்வொரு சுற்றிலும் நடை ஒரு கணம் விக்கியது. எட்டாவதுக்குப் பிறகு ஒன்றாவது தானாக வரும், ஒன்பதாவது வேண்டாம். மூன்றாவது, ஒரு தடவை கோப்பை ஜேபெக்காகச் சேமித்துவிட்டான். ஆளைச் சுற்றி வெள்ளைப் பெட்டி வந்தது. ஓரங்களில் அழுக்குத் திட்டுகள் தெரிந்தன. ஜேபெக்குக்குப் பின்னணியை ஒளிபுகும்படி வைக்கத் தெரியாது. பிஎன்ஜிதான் வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் தபால்காரர் தெருவில் நடந்தார். பையன் சொல்லாமலே ஒன்று செய்திருந்தான். கடிதங்கள் தீரத்தீரப் பையின் அடிப்பக்கம் ஒரு பிக்சல் சிறிதாகும்படி இரண்டாவது ஷீட் ஒன்று வரைந்து, பாதித் தெருவைத் தாண்டியதும் அதற்கு மாறும்படி வைத்திருந்தான். நடை அதேதான். பை லேசாகிவிட்டது தெரிந்தது.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கையில் எவ்வளவு நல்ல முகப்படம் இருந்தாலும் அதை முதல் நாள் தொடாதீர்கள். இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களை மட்டும், ஒன்று வெளிர், ஒன்று அடர் நிறத்தில், எட்டுக் கட்டத்தில் வரைந்து ஓடவிடுங்கள். சிவப்புப் புள்ளி நான்கு நான்காகப் பின்னே போகிறதா என்று எண்ணிப் பாருங்கள். தலையில்லாத அந்தக் கால்கள் தரையில் ஊன்றி நடந்தால், அதன்மேல் தலையை வையுங்கள்.